ஒரே சம்பவம், இரண்டு ஃபத்வா. எது செல்லும்? ஃபத்வாவும் காழியின் தீர்ப்பும் ஒன்றா?

வடகரைத் தம்பி

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற நண்பர்களுக்கு வணக்கம். என் நண்பன் ஒருவனுடைய விஷயம். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மனைவியும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் ஊரில். ஐந்து வாரங்களுக்கு முன்னால் போனில் சண்டை வந்து, "உன்னைத் தலாக் விட்டேன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டான். மறுநாளே அழுதுகொண்டு என்னிடம் வந்தான். நான்தான் ஒரு முஃப்தியிடம் அழைத்துப் போனேன். நான்கு நாள் கழித்துக் கையெழுத்தும் முத்திரையுமாகப் பதில் வந்தது: ஒரு தலாக்தான் நிகழ்ந்திருக்கிறது, இத்தா என்ற காத்திருப்புக் காலம் முடிவதற்குள் மனைவியை மீட்டுக்கொள்ளலாம்.

அதே வாரம் மனைவியின் அண்ணன் வேறொரு மதரஸாவில் கேட்டு ஒரு ஃபத்வா வாங்கி வந்தார். மூன்று தலாக்கும் விழுந்துவிட்டது, இனி சேர்ந்து வாழ முடியாது என்று அதில் இருக்கிறது. இரண்டு முஃப்திகளுமே ஷாஃபிஈ மத்ஹபுக்காரர்கள், இரண்டு பேருமே ஊரில் மதிக்கப்படுகிறவர்கள்.

ஜமாஅத் செயலாளர் இரண்டாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஃபத்வா வந்தாச்சு, தீர்ப்பு வந்த மாதிரிதான். புத்தகத்தில் மணவிலக்கு என்று எழுதப் போகிறோம்" என்கிறார். முதல் ஃபத்வாவும் ஃபத்வாதானே என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. இரண்டில் எது செல்லும்? ஒரு முஃப்திக்குத் தகுதி இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை என்று அர்த்தமா?

நிஜாம் பாய்

வ அலைக்கும் ஸலாம் தம்பி. அடிப்படையே இங்கே தப்பு. ஃபத்வா கொடுக்க இஜ்திஹாத், அதாவது மூல ஆதாரங்களிலிருந்து தானே சட்டம் எடுக்கும் தகுதி வேண்டும். குர்ஆன் வசனங்களில் எது சட்டம் சொல்வது, ஹதீஸில் எது பலமானது, அரபு மொழி, கியாஸ், முன்னோர்கள் எதில் ஒத்துப்போனார்கள், எதில் பிரிந்தார்கள் எல்லாம் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். இன்றைக்கு அப்படி ஒருவரும் கிடையாது. ஏழு வருடம் ஓதிவிட்டு முத்திரை வைத்திருக்கிறவர்கள் எல்லாம் கிதாபைப் பார்த்து எடுத்துச் சொல்கிறவர்கள்தான்.

அதனால் இரண்டு தாளையும் ஓரமாக வையுங்கள். மாவட்ட அரசு காஜியிடம் போங்கள். அரசாங்கம் நியமித்த காஜி. அவர் சீல் வைத்தால் அதுதான் தீர்ப்பு. பிறகு யாரும் பேச முடியாது.

இப்னு யூசுஃப்

தம்பி, இரண்டு பதில்களையும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது கேள்விகள். இரண்டு தாள்களிலும் மேலே என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று வார்த்தை மாறாமல் போடுங்கள். பெயர், ஊர் வேண்டாம். (நான் ஆலிம் பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருடம் ஃபத்வா எழுதப் பழக்கும் இஃப்தா பயிற்சியில் இருந்தவன். இப்போது ஒரு மதரஸாவில் பாடம் நடத்துகிறேன். ஃபத்வா கொடுக்கும் பொறுப்பில் நான் இல்லை, இங்கே எழுதுவதும் ஃபத்வா இல்லை.)

நிஜாம் பாய், முதல் பத்தியில் நீங்கள் சொன்ன தகுதிகள் எல்லாம் உண்மையிலேயே நூல்களில் இருக்கின்றன. ஆனால் அவை தன் சொந்த ஆய்வில் சட்டம் எடுக்கும் முஃப்திக்கு உரியவை. இமாம் நவவீ தன் மஜ்மூஃ முன்னுரையில், இப்னுஸ் ஸலாஹைப் பின்பற்றி, முஃப்திகளை அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கிறார். மேல் அடுக்கில் யாரையும் சாராத முஜ்தஹித். அதற்குக் கீழே ஒரு மத்ஹபுக்குள் நின்று வேலை செய்கிறவர்கள் நான்கு வகை. கடைசி வகைக்காரர் மத்ஹபை மனப்பாடமாக வைத்திருப்பார், அதன் கடினமான இடங்களைப் புரிந்துகொள்வார், ஆனால் ஆதாரத்தை நிறுவுவதில் பலவீனமாக இருப்பார். அவர் மத்ஹபில் பதிவாகியிருப்பதை எடுத்துச் சொல்லலாம், பதிவாகாததில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் கட்டுப்பாடு. இது 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த ஏற்பாடு. கிதாபைப் பார்த்துச் சொல்கிறார் என்பது குறை இல்லை. கிதாபில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிகிறதா என்பதுதான் சோதனை.

அரசு காஜி பற்றி நீங்கள் சொன்னது சரியில்லை. அதைச் சட்டம் தெரிந்தவர் யாராவது எழுதட்டும்.

வடகரைத் தம்பி

ஜஸாகல்லாஹ் ஹஜ்ரத். தாள்களை வாங்கி வந்தேன். அப்படியே தருகிறேன்.

நண்பன் கொடுத்தது: "நான் என் மனைவியிடம் கோபத்தில் உன்னைத் தலாக் விட்டேன், உன்னைத் தலாக் விட்டேன், உன்னைத் தலாக் விட்டேன் என்று கூறினேன். முதல் தடவை சொன்னதை உறுதிப்படுத்தவே மற்ற இரண்டு தடவையும் கூறினேன். புதிதாகத் தலாக் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. மார்க்கத் தீர்ப்பு என்ன?"

மச்சினன் கொடுத்தது: "என் தங்கையின் கணவர் அவளுக்கு மூன்று தலாக் கொடுத்துவிட்டார். அவள் இனி அவருடன் வாழலாமா?"

இப்னு யூசுஃப்

இப்போது விஷயம் தெரிகிறது. முஃப்திகள் இருவரும் அவரவர் முன்னால் இருந்த தாளுக்குச் சரியாகவே பதில் எழுதியிருக்கிறார்கள். தாள்கள்தான் வேறு வேறு.

ஷாஃபிஈ மத்ஹபில், "உன்னைத் தலாக் விட்டேன்" என்ற வாக்கியத்தை இடைவெளி விடாமல் மூன்று தடவை சொன்னவரிடம் எண்ணம் கேட்கப்படும். முதல் வாக்கியத்தை அழுத்திச் சொல்வதற்காகத் திருப்பிச் சொன்னேன் என்றால் ஒன்று. ஒவ்வொன்றையும் தனித் தலாக்காக நினைத்தேன் என்றால் மூன்று. எதையுமே நினைக்கவில்லை என்றாலும் பலமான கருத்தின்படி மூன்று. நண்பருடைய தாளில் உறுதிப்படுத்தும் எண்ணம் என்று எழுதியிருக்கிறது. பதில் ஒன்று.

மச்சினனுடைய தாளில் "மூன்று தலாக் கொடுத்துவிட்டார்" என்று இருக்கிறது. எண் வாயால் சொல்லப்பட்டதாக முஃப்தி படித்திருக்கிறார். அங்கே அழுத்திச் சொன்னேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. பதில் மூன்று. "மூன்று தடவை சொன்னார்" என்பதும் "மூன்று தலாக் கொடுத்தார்" என்பதும் ஊர்ப் பேச்சில் ஒன்றுதான். கிதாபில் அவை இரண்டு தனி மஸ்அலா, தனித்தனிச் சட்டக் கேள்விகள்.

இஃப்தா பயிற்சியில் எங்களுக்கு முதல் சில மாதங்கள் இதுதான் வேலை. கேள்வியைத் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டும், முக்கியமாகக் கடைசி வரியை, ஏனென்றால் விஷயமே சில நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும். புரியாத சொல் இருந்தால் கேட்டவரையே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பிறகு கிதாபில் தேடி, வரைவு எழுதி, மூத்த முஃப்தியிடம் காட்ட வேண்டும். அவர் பாதியைத் திருப்பி அனுப்புவார். பதிலைக் கேள்வி இருக்கும் அதே தாளில் எழுத வேண்டும், இடையில் வெற்றிடம் விடக்கூடாது. யாராவது ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். பழைய நூல்களிலும் இந்த எச்சரிக்கை உண்டு. அந்தச் சம்பவம் பற்றி முஃப்திக்குத் தனியாக ஏதாவது தெரிந்திருந்தால்கூட, தாளில் இல்லாததை வைத்துப் பதில் எழுதக்கூடாது. வேண்டுமானால் "இன்னது நடந்திருந்தால் இன்னது" என்று பிரித்துச் சொல்லலாம்.

காழியின் வேலை இதற்கு நேர் எதிர். அவருக்குத் தாள் போதாது. இரண்டு தரப்பும் முன்னால் இருக்க வேண்டும். உரிமை கோருகிறவர் சாட்சி கொண்டுவர வேண்டும், மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும். நடந்தது இதுதான் என்று முதலில் அவர் நிலைநாட்டுகிறார், பிறகு சட்டத்தை அந்த இரண்டு பேர் மேல் சுமத்துகிறார். அவர் தீர்த்துவிட்டால், அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள விஷயமாக இருந்தாலும் அந்த இருவருக்கும் அது முடிந்துபோன விஷயம். முஃப்தியின் பதில் அப்படி யாரையும் கட்டாது. ஆனால் அதே கேள்வி உள்ள ஆயிரம் பேர் அதைப் படித்துத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

செயலாளரிடம் சொல்லுங்கள். நடந்தது என்ன என்று இதுவரை ஒருவரும் விசாரிக்கவே இல்லை. அதற்குள் புத்தகத்தில் எதை எழுதுவார்?

ஆம்பூர் சல்மா

இந்த இழையைப் படித்ததும் என் வயிறு கலங்குகிறது. எனக்கும் இதுதான் நடந்தது. நாங்கள் ஹனஃபி. என் கணவர் கோபித்துக்கொண்டு தமிழில் "நான் உன்னை விட்டுட்டேன், நீ உங்க வீட்டுக்குப் போ" என்றார். பெரியவர்கள் அதை உருதுவில் எழுதி வடக்கே ஒரு மதரஸாவுக்கு அனுப்பினார்கள். "சோட் தியா" என்று எழுதினார்கள். தலாக் விழுந்துவிட்டது என்று பதில் வந்தது. அவர் சொன்னது "உன்னோடு பேசுவதை விட்டுவிட்டேன்" என்ற அர்த்தத்தில் என்று பின்னால் சொன்னார். எனக்கு இன்றுவரை எது உண்மை என்று தெரியாது. அதனால் நான் கேட்கிறேன், முஃப்தியை நம்பி என்ன பயன்?

இப்னு யூசுஃப்

சகோதரி, உங்கள் வலி நியாயமானது. உருதுப் பேச்சு வழக்கில் மனைவியிடம் "சோட் தியா" என்றால் வெளிப்படையான தலாக் என்றே பல முஃப்திகள் எடுப்பார்கள். அங்கே அந்தச் சொல் அப்படி ஊறிப்போயிருக்கிறது. தமிழில் "விட்டுட்டேன்" எல்லா ஊரிலும் அப்படி இல்லை. சில ஊரில் அது தலாக்கேதான், சில ஊரில் எதை விட்டேன் என்று கேட்க வேண்டும். வெளிப்படையான சொல் என்றால் எண்ணம் தேவையில்லை, மறைமுகச் சொல் என்றால் எண்ணம் அல்லது சூழ்நிலை பார்க்க வேண்டும். மொழிபெயர்த்தவர் ஒரு சொல்லால் மஸ்அலாவையே மாற்றிவிட்டார்.

சத்தியம், தலாக் போன்ற வாய்ச்சொல் சார்ந்த விஷயங்களில், அந்த ஊர்க்காரராகவோ அந்த ஊர் வழக்கை அறிந்தவராகவோ இல்லாதவர் ஃபத்வா சொல்லக்கூடாது என்று நவவீ தெளிவாக எழுதுகிறார். என்னைக் கேட்டால் நம் பக்கத்தில் அதிகமாக மீறப்படும் தகுதி இதுதான். அரபு இலக்கணம் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆம்பூர்த் தமிழும் காயல்பட்டினத் தமிழும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்தவர்கள் குறைவு.

அக்குறணை நானா

அஸ்ஸலாமு அலைக்கும். ஏன் இவ்வளவு சிரமம்? மனைவியின் பிரதேசத்துக் காதி நீதிமன்றத்தில் மனு கொடுங்கள். காதி இரண்டு பேரையும் கூப்பிடுவார், சமாதானப்படுத்தப் பார்ப்பார், முடியாவிட்டால் பதிந்து தீர்ப்பார். பிள்ளைத் தாபரிப்பும் அங்கேயே. தீர்ப்புப் பிடிக்காவிட்டால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு. எங்களுக்கு ஜம்இய்யத்துல் உலமா ஃபத்வா வேறு, காதியின் கட்டளை வேறு என்பதில் குழப்பமே வராது. ஜம்இய்யா சொல்வதைக் காதி கேட்கலாம், கேட்காமலும் விடலாம்.

வடகரைத் தம்பி

நானா, நாங்கள் தமிழ்நாடு. நாகப்பட்டினம் மாவட்டம்.

அக்குறணை நானா

அப்படியா, வடகரை என்றதும் நம் பக்கம் என்று நினைத்துவிட்டேன். எங்களுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் இருக்கிறது, காதிக்கு அரசாங்கம் கொடுத்த நீதி அதிகாரம் இருக்கிறது. உங்களுக்கு அது இல்லையா?

மதுரை வக்கீலம்மா

இல்லை சார். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. நான் முஸ்லிம் அல்ல, குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறவள் என்ற முறையில் சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

இங்கே அரசு காஜியை நியமிப்பது 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம். நிக்காஹ் போன்ற சடங்குகளை நடத்தி வைக்கத்தான் அந்தப் பதவி. இந்தச் சட்டத்தால் காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ வராது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. காஜிகள் கொடுக்கும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான், நீதிமன்றமோ அலுவலகமோ அதை ஆதாரமாகக் கொள்ள வேண்டியதில்லை என்று 2017ல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே நிஜாம் சார் சொன்ன சீல், சட்டத்தின் கண்ணில் தீர்ப்பு இல்லை.

ஃபத்வா பற்றி உச்சநீதிமன்றம் 2014 ஜூலையில் ஒரு வழக்கில் சொன்னது: ஃபத்வா ஒரு கருத்து, அதைத் தடை செய்ய வேண்டியதில்லை, ஆனால் யார் மேலும் திணிக்க முடியாது, திணித்தால் சட்டவிரோதம். இன்னொன்றும் சொன்னார்கள். சம்பந்தப்பட்டவரோ நேரடித் தொடர்புள்ளவரோ கேட்காமல், யாரோ ஒரு மூன்றாம் ஆள் கேட்டதற்காக ஒரு தனி மனிதரைப் பற்றி ஃபத்வா கொடுக்காதீர்கள் என்றார்கள். 2005ல் உத்தரப் பிரதேசத்தில் மாமனாரால் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி, அவர் கேட்காமலே ஒரு பத்திரிகையாளர் கேட்டு ஃபத்வா வெளியாகி அவர் வாழ்க்கையே ஊர்ப் பேச்சானது. அதுதான் பின்னணி.

கடைசியாக, 2019 சட்டப்படி ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது, போனில் சொன்னாலும் செல்லாது, சொன்னவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. மனைவியோ அவருடைய உறவினரோ புகார் கொடுக்கலாம். சட்டப்படி இவர்கள் இருவரும் இன்றைக்கும் கணவன் மனைவிதான். ஜமாஅத் புத்தகத்தில் எழுதுவதால் அது மாறாது. அந்தப் பையன் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்த தாள் நாளைக்கு அவருக்கு எதிராகவே வரலாம், அதனால் அவர் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

காயல் லாத்தா

நல்ல இழை. நான் ஃபிக்ஹ் வரலாற்றில் ஆய்வு செய்கிறவள். இந்தப் பிரிவு எவ்வளவு ஆழமானது என்று காட்ட ஒரு ஹதீஸ் போதும்.

அபூ ஸுஃப்யானின் மனைவி ஹிந்த், நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து, "அவர் கஞ்சர், எனக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை, அவருக்குத் தெரியாமல் நான் எடுத்தால்தான் உண்டு" என்றார்கள். "உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்" என்று பதில் வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

கேள்வி என்னவென்றால், நபியவர்கள் அங்கே முஃப்தியாகப் பேசினார்களா, காழியாகத் தீர்ப்பளித்தார்களா? மாலிகீ அறிஞர் கராஃபீ (மறைவு 1285) இந்த வேறுபாட்டுக்கே தனி நூல் எழுதியவர். அவர் இந்த ஹதீஸை எடுத்துப் பிரிக்கிறார். ஃபத்வா என்றால், உரிமை மறுக்கப்பட்ட எந்த மனைவியும் காழியிடம் போகாமலே தனக்குரியதை எடுத்துக்கொள்ளலாம். ஷாஃபிஈகள் இந்தப் பக்கம். தீர்ப்பு என்றால், அது ஹிந்த் அவர்களுக்கு மட்டும் கிடைத்த தீர்ப்பு, மற்றவர்கள் காழியிடம் வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். ஃபத்வா என்பவர்கள் காட்டும் ஆதாரம் அழகானது: அபூ ஸுஃப்யான் அப்போது ஊரில்தான் இருந்தார். அவரைக் கூப்பிடவில்லை, விசாரிக்கவில்லை, சாட்சி கேட்கவில்லை. எதிர்த்தரப்பைக் கேட்காத ஒன்று எப்படித் தீர்ப்பாகும்?

தம்பியின் ஜமாஅத் செயலாளர் செய்ய இருந்ததும் அதுதானே. ஒரு தரப்பு எழுதிய தாளைத் தீர்ப்பாக்குவது.

தகுதி பற்றியும் ஒன்று. முஃப்தி ஆணாக இருக்க வேண்டியதில்லை, சுதந்திரமானவராகவோ பார்வையுள்ளவராகவோ இருக்க வேண்டியதில்லை. பேச முடியாதவர்கூட எழுதினால் போதும் என்கிறார் நவவீ. அதே ஷாஃபிஈ மத்ஹபில் காழி என்றால் இதெல்லாம் நிபந்தனை. ஹதீஸ் அறிவிப்பவரைப் போல முஃப்தி செய்தி சொல்கிறவர், காழி அதிகாரம் செலுத்துகிறவர் என்று காரணம் சொல்வார்கள். பெண் முஃப்தி ஆகலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட நம் ஊர்களில் ஏன் பெண் முஃப்திகளைப் பார்ப்பதே அரிதாக இருக்கிறது?

நிஜாம் பாய்

காஜி விஷயத்தில் நான் சொன்னது தவறு, வக்கீலம்மாவுக்கு நன்றி. ஆனால் லாத்தா, பெண் காழி கூடாது என்பது நான்கு மத்ஹபிலும் முடிந்த விஷயம். அதையும் இதையும் கலக்காதீர்கள்.

காயல் லாத்தா

நான்கிலும் இல்லை பாய். ஹுதூத், கிஸாஸ் என்ற குற்றத் தண்டனை வழக்குகள் தவிர மற்ற வழக்குகளில் பெண்ணின் தீர்ப்பு செல்லும் என்பது ஹனஃபி நூல்களில் இருக்கிறது.

அக்குறணை நானா

எங்கள் சட்டத்தில் காதி ஆணாக இருக்க வேண்டும் என்றே இருக்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று பல வருடமாக இங்கே பெரிய வாதம் நடக்கிறது. இரண்டு பக்கமும் ஆலிம்கள் இருக்கிறார்கள்.

ஆம்பூர் சல்மா

மன்னிக்கவும். இவ்வளவு பேரும் பேசுகிறோம், அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா? ஒரு தாள் கணவன் எழுதினது, ஒரு தாள் அண்ணன் எழுதினது. போனில் காது கொடுத்துக் கேட்டவள் அவள்தான்.

வடகரைத் தம்பி

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதியே ஆக வேண்டும். சல்மா அக்கா கேட்ட பிறகு என் மனைவியை அந்தப் பெண்ணிடம் பேசச் சொன்னேன். அவள் சொல்வது: முதல் போனில் இரண்டு தடவை சொன்னார், நான் அழுதுகொண்டு வைத்துவிட்டேன், பத்து நிமிடம் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டு மூன்றாவது தடவை சொன்னார். நண்பனிடம் கேட்டேன். இரண்டு கால் பேசியது உண்மை, ஆனால் மூன்றும் முதல் காலிலேயே சொன்னேன், இரண்டாவதில் கத்தினேன், தலாக் என்று சொன்ன ஞாபகம் இல்லை என்கிறான்.

இன்னொன்று. "உறுதிப்படுத்தவே கூறினேன்" என்ற வரியை எழுதச் சொன்னது நான்தான். யாரோ ஒருவர் அப்படி எழுதினால் ஒன்றுதான் வரும் என்று சொல்லிக் கொடுத்தார். அவனும் சரி என்று எழுதினான். அவன் உண்மையில் என்ன நினைத்தான் என்று நான் கேட்கவே இல்லை.

இப்னு யூசுஃப்

சொன்னதற்கு அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும். அப்படியானால் முதல் ஃபத்வா இப்போது அவர் கையில் வெறும் காகிதம். முஃப்தி உள்ளத்தைப் பார்க்க முடியாது, கேட்டவர் சொன்னதை நம்பித்தான் எழுதினார். காழியின் தீர்ப்புக்கே அந்த வரம்பு உண்டு. "உங்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத்தில் திறமைசாலியாக இருக்கலாம். நான் கேட்டதை வைத்துத் தீர்ப்பேன். அவர் சகோதரனின் உரிமையை அவருக்குக் கொடுத்துவிட்டால் நெருப்புத் துண்டைத்தான் கொடுக்கிறேன்" என்ற கருத்தில் நபியவர்களே சொல்லியிருக்கிறார்கள். எண்ணம் பற்றிய அந்தக் கேள்விக்கு நண்பர் தனியாக உட்கார்ந்து தனக்கே உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

இரண்டு கால் என்பது விஷயத்தை மாற்றுகிறது. அழுத்திச் சொன்னேன் என்பது தொடர்ந்து சொன்னால்தான் ஏற்கப்படும். மூச்சுவிடும் அளவைத் தாண்டி இடைவெளி வந்தால் வெளிப்படையில் ஏற்க மாட்டார்கள். பத்து நிமிடம் நீண்ட இடைவெளி. முதல் காலில் சொன்ன இரண்டும் உண்மையாகவே உறுதிப்படுத்தும் எண்ணத்தில் என்றால் அது ஒன்று. மனைவி சொல்வதுபோல் இரண்டாவது காலில் மீண்டும் சொல்லியிருந்தால் அது தனித் தலாக், ஆக இரண்டு. இரண்டு என்றாலும் இத்தாவுக்குள் மீட்க இடம் இருக்கிறது, ஆனால் கையில் மிச்சம் ஒன்றுதான். எண்ணம் எதுவும் இல்லாமல் சொல்லியிருந்தால் மூன்று. கவனியுங்கள், இது இரண்டு தாளிலும் வராத பதில்.

ஆனால் இரண்டாவது காலில் என்ன சொன்னார் என்பதில் இருவரும் முரண்படுகிறார்கள். கால் லாக் இரண்டு கால் நடந்ததைக் காட்டும், பேசினதைக் காட்டாது. எந்த முஃப்தியும் இதைத் தீர்க்க முடியாது, இது காழியின் வேலை. நம் நாட்டில் அந்த அதிகாரமுள்ள காழி இல்லை. இருவரும் மனமுவந்து ஒரு ஆலிமை நடுவராக ஏற்றுக்கொண்டு, அவர் முன்னால் பேசி, தேவையென்றால் நண்பர் சத்தியம் செய்வது ஒரு வழி. அவர் சத்தியம் செய்தாலும், தன் காதால் கேட்ட மனைவி என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம் இருக்கும். ஹனஃபி நூல்களில் இந்த மாதிரி இடத்தில் மனைவி காழியைப் போல, தான் கேட்ட வெளிப்படைப்படி நடக்க வேண்டும் என்பார்கள். ஷாஃபிஈயில் இதற்கு நெருங்கிய இடங்களில் அவர் நம்பத் தகுந்தவரா என்று அவள் பார்க்கலாம் என்கிறார்கள். இந்த மஸ்அலாவில் எனக்கு உறுதி இல்லை, என் உஸ்தாதிடம் கேட்கிறேன்.

மதுரை வக்கீலம்மா

அந்த நடுவர் சொல்வதும் சட்டத்தின் முன் தீர்ப்பாகாது, கட்டாயப்படுத்தவும் முடியாது என்பதை இருவருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பெண் சேர்ந்து வாழ விரும்பாவிட்டால் குடும்ப நீதிமன்றம் அவருக்குத் திறந்திருக்கிறது. ஜீவனாம்சத்துக்கு ஃபத்வா எதுவும் தேவையில்லை.

நிஜாம் பாய்

இப்படிக் குழம்பினால், இரண்டு முஃப்தி வேறு வேறு சொன்னால், கடினமானதை எடுப்பதுதானே பேணுதல்? மூன்று என்றே வைத்துக்கொண்டால் பாவத்திலிருந்து தப்பலாம்.

இப்னு யூசுஃப்

அதற்கே நூல்களில் ஐந்து கருத்துகள் இருக்கின்றன பாய். கடினமானதை எடு, இலேசானதை எடு, அதிகம் கற்றவரைத் தேடு, மூன்றாமவரைக் கேள், விரும்பியதை எடு. நீங்கள் சொன்னது அதில் ஒன்று. ஆனால் அது எல்லாம் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வந்தால். இங்கே கேள்வியே ஒன்றாக இல்லை. அதோடு, தப்பாக மூன்று என்று வைத்தால் இன்னொருவரின் மனைவியாக இருப்பவளை வேறு ஒருவருக்குக் கட்டிவைக்கும் நிலை வரலாம். அதில் பேணுதல் எங்கே இருக்கிறது?

நிஜாம் பாய்

அப்படி யோசிக்கவில்லை. சரி.

வடகரைத் தம்பி

செயலாளரிடம் பேசினேன். புத்தகத்தில் எழுதுவதை நிறுத்திவைத்திருக்கிறார், ஆனால் மச்சினன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நண்பனும் அந்தப் பெண்ணும் முதல் முஃப்தியிடமே போகிறார்கள். அவள்கூட என் மனைவி போகிறாள். புதுத் தாளில் கேள்வியை இந்தத் தடவை அந்தப் பெண்ணே எழுதுகிறாள். நண்பன் சொல்வதைத் தனிப் பத்தியாக அவனே எழுதுவான், நான் அந்த அறைக்குள் போகப் போவதில்லை.

இத்தா நாள் ஓடிக்கொண்டிருக்கிறது ஹஜ்ரத், உங்கள் உஸ்தாத் சொன்னால் அதற்கு முன்னால் இங்கே எழுதுங்கள்.

ஆம்பூர் சல்மா

அவள் தமிழிலேயே எழுதட்டும் தம்பி. யாரையும் மாற்றி எழுத விடாதீர்கள்.